கொலாஜன்: பசையிலிருந்து பிறந்த சொல்

போன மாதம் சித்தி மகள் ஒரு கிரீம் டப்பாவை நீட்டி, "அண்ணா, இதுல கொலாஜன் இருக்காம், தோலுக்குள்ள பத்து அடுக்கு ஆழத்துக்குப் போகுமாம், உண்மையா?" என்று கேட்டாள். டப்பாவில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்தப் 'பத்து அடுக்கு' விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அதற்கு முன்னால் கொலாஜன் என்ற சொல்லைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதி பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

கிரேக்க மொழியில் 'கொல்லா' என்றால் பசை. 'ஜென்' என்றால் பிறப்பிப்பது, உண்டாக்குவது. ஹைட்ரஜன், நைட்ரஜன் எல்லாவற்றிலும் கடைசியில் வருவது இதே ஒட்டுதான். ஹைட்ரஜன் நீரை உண்டாக்குவது, நைட்ரஜன் வெடியுப்பை உண்டாக்குவது. வடமொழி வழியாக நமக்கு வந்த 'ஜனனம்' என்ற சொல்லும் அந்தக் கிரேக்க வேரும் ஒரே குடும்பம்தான் என்பது மொழியியலார் ஒப்புக்கொண்ட செய்தி. ஆக கொலாஜன் என்றால் 'பசை பிறப்பிப்பது'. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயரை வைத்தபோது அழகுக்கும் இளமைக்கும் அதில் இடமே இல்லை. மாட்டுத்தோல், எலும்பு, தசைநார் இவற்றை நெடுநேரம் கொதிக்கவைத்தால் பசை கிடைக்கும், அந்தப் பசையைத் தரும் பொருள் எதுவோ அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பசை நம் ஊருக்கும் புதிதல்ல. பழைய தச்சர்கள் தகரக் குவளையில் வைத்துக் காய்ச்சுவார்களே, நாற்றம் தெருமுனை வரை வருமே, அந்த வச்சிரம்தான். (மீன் இல்லை, அது வஞ்சிரம்.) சமையலறையில் பார்க்க வேண்டுமென்றால் ஆட்டுக்கால் பாயாவை ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள், கட்டியாக ஆடிக்கொண்டு நிற்கும். அது காலில் இருந்த கொலாஜன் வெந்து ஜெலட்டின் ஆனது. சாப்பிடும்போது உதடு ஒட்டுவதும் அதனால்தான்.

வேகாத கொலாஜன் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு விடை சொன்னதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 55இல் இதன் வடிவத்தைச் சொன்னார்கள்: மூன்று புரத இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, மூன்று பிரி கயிறு மாதிரி இருக்கிறது. தோல் பதனிடுவதற்காகவே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில் பக்கத்திலேயே இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று, ஏனென்றால் செருப்புத் தோல் என்பதே பதனிட்ட கொலாஜன்தான். அந்தக் கயிற்றின் ஒவ்வொரு பிரியிலும் ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலங்கள். கயிற்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். எடை சுமார் 3,00,000 டால்டன். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை கிட்டத்தட்ட ஒரு டால்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சரி, இந்தக் கயிறு தோலுக்குள் போகுமா?

நம் தோலில் மேலே மேல்தோல், கீழே அடித்தோல். மேல்தோல் முழுவதுமே பல இடங்களில் ஒரு காகிதத்தின் கனம்தான். கொலாஜன் இருப்பது அடித்தோலில், அங்கேதான் சுருக்கத்தின் கதையும் நடக்கிறது. இடையில் காவலுக்கு நிற்பது மேல்தோலின் உச்சியில் உள்ள செத்த செல்களின் படலம். கொம்புப் படலம் என்பார்கள், நகமும் கொம்பும் எதனால் ஆனவையோ அதே கெரட்டின் நிறைந்தது. செங்கல் அடுக்கினாற்போல் செல்கள், இடையே சாந்து பூசினாற்போல் கொழுப்பு. உள்ளே போக நினைக்கும் பொருள் அந்தச் சாந்துக்குள் நெளிந்து நெளிந்து போக வேண்டும். அதற்குச் சிறியதாக இருக்க வேண்டும், கொழுப்போடு ஓரளவு சேர்ந்துபோகவும் வேண்டும். கொலாஜனுக்கு இரண்டுமே இல்லை.

எவ்வளவு சிறியதாக? 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கைச் சொன்னார்கள். தோலில் பட்டால் ஒவ்வாமை தரும் பொருட்களையும், தோலில் பூசும் மருந்துகளையும், ஒட்டுப்பட்டை வழியாக உடலுக்குள் போகும் மருந்துகளையும் எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே 500 டால்டனுக்குக் கீழேதான் இருக்கின்றன. புகைப்பழக்கத்தை விடுவதற்கு ஒட்டிக்கொள்ளும் பட்டையில் உள்ள நிகோட்டின் 162 டால்டன், அது போகிறது. இது சுவர் மாதிரி கறாரான எல்லை இல்லை. கரப்பானுக்குப் பூசும் டாக்ரோலிமஸ் களிம்பு 800 டால்டனைத் தாண்டியது, ஆனாலும் வேலை செய்கிறது, ஆனால் கரப்பானில் அந்தச் செங்கல் சுவரே இடிந்து கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொலாஜனோ 500ஐப் போல அறுநூறு மடங்கு.

எனக்கு இதில் பிடித்த சாட்சி இன்சுலின். அதன் எடை சுமார் 5,800 டால்டன், கொலாஜனில் ஐம்பதில் ஒரு பங்கு. அதைக் களிம்பாகப் பூசிக் காரியம் நடக்குமென்றால் தினமும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்பவர்கள் இத்தனை பேர் இருப்பார்களா?

இங்கேதான் டப்பாவின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பொருள் பட்டியலில் பெரும்பாலும் 'ஹைட்ரலைஸ்டு கொலாஜன்' என்று இருக்கும், அதாவது நீராற்பகுத்தது, கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டியது. கடைக்காரர் உடனே "இது சின்னது சார், உள்ள போயிடும்" என்பார். சின்னதுதான், ஆனால் வழக்கமாக ஒவ்வொரு துண்டும் சில ஆயிரம் டால்டன். இன்னும் பொடியாக வெட்டினால் போகாதா என்றால், அது சில அமினோ அமிலங்கள் மட்டுமே கோத்த குட்டிப் பெப்டைடு, வேறு சரக்கு, அதற்குத் தனியாகச் சோதனை காட்ட வேண்டும். கொலாஜன் என்ற பெயரின் மதிப்பைக் கடன் வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

இப்போது பத்து அடுக்கு. டப்பாவை இன்னொரு முறை நிதானமாகப் படித்தேன். 'தோலின் மேற்பரப்பின்' பத்து அடுக்கு என்று சின்ன எழுத்தில் இருந்தது. கொம்புப் படலத்தில் மட்டுமே உடலில் பல இடங்களில் 15 முதல் 20 அடுக்கு இருக்கும், முகத்தில் கொஞ்சம் குறையும். எல்லாம் சேர்ந்தே 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் கனம், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆக, பத்து அடுக்கு போனாலும் அது இன்னும் செத்த செல்களுக்கு நடுவில்தான் நிற்கிறது. அதில் எழுத்துக்கு எழுத்து பொய் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். 'ஆழம்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு அடித்தோலை நாமே கற்பனை செய்துகொள்ள விட்டுவிடுகிறார்கள். 'சுருக்கங்கள் குறைந்த தோற்றம்' என்பதும் அதே கைவரிசைதான், தோற்றம் என்ற சொல்லை எடுத்துவிட்டால் வழக்கு வரும். அமெரிக்காவில் உடலின் அமைப்பை மாற்றுகிறேன் என்று சொல்லி விற்றால் சட்டப்படி அது மருந்துக் கணக்கில் போய்விடும், அழகுப்பொருளாக அப்படி விற்க முடியாது.

"பூசின ரெண்டு நிமிஷத்துல காணாமப் போயிடுதே, உள்ளதானே போச்சு?" என்று அவளும் கேட்டாள். கிரீமில் பெரும்பகுதி தண்ணீர், அது காற்றில் ஆவியாகிறது, எண்ணெய்ப் பகுதி மேலே மெல்லியதாகப் பரவிவிடுகிறது. ஈரத் துணி காய்ந்தால் தண்ணீர் நூலுக்குள் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அதற்காகக் கிரீமில் உள்ள கொலாஜன் சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அது நீரைப் பிடித்துவைக்கும், மேலே ஒரு மெல்லிய படலமாகக் காயும், தோலிலிருந்து ஈரம் வெளியேறுவதைக் குறைக்கும். ஈரம் ஏறிய கொம்புப் படலம் கொஞ்சம் உப்பும், மெல்லிய கோடுகள் மறைந்தாற்போல இருக்கும். முகம் கழுவினால் போகும். நல்ல ஈரப்பதக் கிரீம் என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அந்த வேலையைக் கிளிசரின் சேர்த்த சாதாரணக் கிரீமும் செய்யும், விலை கால்வாசி.

ஒருவேளை எப்படியாவது கீழே போய்ச் சேர்ந்தால்? அப்போதும் உடல் அந்தத் துண்டுகளைச் சுவரில் செங்கல் மாதிரி எடுத்துப் பொருத்தாது. அடித்தோலில் உள்ள நாரியற் செல்கள் தாமே புதிதாக இழைகளைச் செய்து, முறுக்கி, வெளியே அனுப்பி, ஒன்றோடொன்று பிணைக்கின்றன. ஆகவே உள்ளே போக வேண்டியது கொலாஜன் அல்ல, அந்தச் செல்லிடம் "செய்" என்று சொல்லக்கூடிய சிறிய பொருள். டிரெட்டினாயின் அப்படிப்பட்டது: 300 டால்டன், கொழுப்பில் கரையும். 1993இல் வந்த ஓர் ஆய்வில், வெயிலில் கெட்ட தோலில் பத்துப் பன்னிரண்டு மாதம் அதைப் பூசியபோது முதல் வகைக் கொலாஜன் உருவாவது 80 சதவீதம் கூடியது, மருந்தில்லாத கிரீம் பூசியவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. அது மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து, எரிச்சல் தரும், கர்ப்பத்தில் கூடாது. அதன் பெயரில் கொலாஜன் என்ற சொல்லே இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொலாஜனையே உள்ளே வைக்க நினைத்த மருத்துவர்கள் 1980களில் மாட்டுக் கொலாஜனை ஊசியால்தான் செலுத்தினார்கள், அதுவும் சில மாதங்களில் கரைந்து போனது.

தமிழில் என்ன சொல்லலாம்? கொல்லாஜன், கொலாஜன், கொலாசன் என்று ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. நேர் பொருள் வேண்டுமென்றால் 'பசையாக்கி', ஆனால் அதைக் கேட்டால் பசை தயாரிக்கும் இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது, அது நார் என்பதும் தெரியவில்லை. 'இளமைப் புரதம்' என்று சில விளம்பரங்களில் போடுகிறார்கள், அது மொழிபெயர்ப்பு இல்லை, விற்பனை. நான் 'பசைநார்' என்பேன். வேகாதபோது நார், வெந்தால் பசை, இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. பேச்சில் கொலாஜன் என்றே இருக்கட்டும், விளக்க வேண்டிய இடத்தில் பசைநார்.

சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ பசைநார்க் களிம்புன்னு பேர் போட்டா எவன் வாங்குவான்?" என்றாள்.