மிக்ஸ்தோ: புட்டியில் எழுதப்படாத சொல்

டெக்கீலா என்பது அகாவே என்ற செடியிலிருந்து காய்ச்சும் மெக்சிகோ மது. அதன் புட்டி லேபிளில் வழக்கமாக மூன்று விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று பெயர். இன்னொன்று, மது மரப் பீப்பாயில் இருந்த காலத்தைச் சொல்லும் ‘பிளாங்கோ’, ‘ரெபோசாடோ’, ‘அன்யேஹோ’ போன்ற ஒரு சொல். மூன்றாவது, சில புட்டிகளில் மட்டும் இருக்கும் ‘100% டி அகாவே’ என்ற வரி. வாங்குபவர்களில் பலர் இரண்டாவதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சுவையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூன்றாவதுதான். அது இல்லாத புட்டியைக் குறிக்கும் சொல்தான் ‘மிக்ஸ்தோ’. ஆனால் அந்தச் சொல்லை எந்த லேபிளிலும் அச்சிட மாட்டார்கள். ‘டெக்கீலா’ என்று மட்டும் இருந்தால் அது மிக்ஸ்தோ என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பானிய மொழியில் மிக்ஸ்தோ என்றால் ‘கலந்தது’. எதோடு எது, எப்போது கலந்தது என்பதுதான் கேள்வி.

டெக்கீலா உண்மையில் மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த ஊரை ஒட்டிய நிலங்களில் விளையும் நீல அகாவேயிலிருந்து காய்ச்சும் மதுவுக்கும் ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. 1974-இல் மெக்சிகோ அரசு இதைப் புவிசார் பெயராக அறிவித்தது. ஹாலிஸ்கோ முழுவதிலும், வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் தயாரானால்தான் இந்தப் பெயரை வைக்கலாம். அகாவே என்ற பெயர் ‘மேன்மையானது’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதன் உறவுச் செடியை ஆனைக் கற்றாழை என்கிறோம். வெறுமனே ‘கற்றாழை’ என்று எழுதினால் சோற்றுக் கற்றாழைதான் நினைவுக்கு வரும். அது வேறு குடும்பத்துச் செடி. டெக்கீலாவைக் கள்ளிச் சாராயம் என்று எழுதுவதும் தவறு, அகாவே கள்ளியே அல்ல. ‘அகாவே’ என்றே எழுதிவிடுவது நல்லது.

இந்தச் செடி முதிர ஆறேழு ஆண்டுகள் ஆகும். இலைகளைச் சீவி எடுத்தபின் மிஞ்சும் நடுத்தண்டு பார்ப்பதற்கு அன்னாசிபோல இருப்பதால் அதற்கு ‘பீன்யா’ என்று பெயர். அதிலுள்ள மாவுச்சத்து போன்ற பொருளை ஈஸ்ட்டால் அப்படியே நொதிக்க வைக்க முடியாது. அடுப்பில் வேகவைத்தால்தான் அது சர்க்கரையாக உடையும். டெக்கீலாவின் மணத்தில் பாதி இந்த வேகவைத்தலில் பிறப்பது. சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை நினைவூட்டும் மணம் அது.

அகாவே வளரக் காலம் ஆகிறது, தேவையோ அதைவிட வேகமாக ஏறுகிறது. இந்த நெருக்கடியில்தான் மிக்ஸ்தோ பிறந்தது. 1964-இல் வேறு சர்க்கரை 30 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று விதி தளர்ந்தது. 1970-இல் அது 49 சதவீதமாக உயர்ந்தது. இன்றும் அதுதான் வரம்பு: குறைந்தது 51 சதவீதச் சர்க்கரை அகாவேயிலிருந்து வர வேண்டும், மீதி கரும்பிலிருந்தோ சோளப் பாகிலிருந்தோ வரலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சி முடித்த இரண்டு மதுக்களை ஒன்றாக ஊற்றி மிக்ஸ்தோ செய்வதில்லை. அதற்கு விதியில் அனுமதி கிடையாது. நொதிக்க வைக்கும் தொட்டியிலேயே அகாவேச் சாறோடு சர்க்கரைக் கரைசலைச் சேர்க்கிறார்கள். அதனால் ‘கலப்பு டெக்கீலா’ என்ற தமிழ் எனக்குப் பிடிக்கவில்லை. நம் காதில் கலப்பு என்றதும் கலப்படம் வந்து நிற்கும். இது சட்டம் அனுமதித்த வகைதான். ‘சர்க்கரை சேர்த்த டெக்கீலா’ என்பதும் சிக்கல், புட்டியில் இனிப்பு ஊற்றியதாகத் தோன்றும். ‘கூட்டுச் சர்க்கரை டெக்கீலா’ என்றால் நடந்தது சரியாக வெளிப்படும். அதற்கு இணையாக மற்றதை ‘முழு அகாவே டெக்கீலா’ எனலாம்.

சரி, மிக்ஸ்தோ ஏன் தொண்டையை அறுக்கிறது? ‘அதில் அசுத்தம் அதிகம்’ என்ற விளக்கம் பரவலாக இருக்கிறது. ஆய்வகச் சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. மெத்தனால், கனமான சில ஆல்கஹால்கள், ரோஜா மணம் தரும் பினைல் எத்தனால் ஆகியவை முழு அகாவே வகையில்தான் கூடுதலாக இருக்கின்றன. மெத்தனால் அகாவேயின் பெக்டினிலிருந்து வருவது. அதற்குச் சட்ட வரம்பும் உண்டு. ஆக, மிக்ஸ்தோவில் கூடியது ஒன்றுமில்லை, குறைந்ததுதான் பிரச்சினை. கரும்புச் சர்க்கரை ஈஸ்ட்டுக்கு எளிய உணவு. சீக்கிரம் ஆல்கஹாலாகிவிடும், மணமாகப் பெரிதாக ஒன்றும் தராது.

40 சதவீத ஆல்கஹால் உள்ள புட்டியை எடுத்துக்கொள்வோம். 100 மில்லியில் 40 மில்லி ஆல்கஹால். மிக்ஸ்தோவில் அதில் கிட்டத்தட்ட 20 மில்லி வரை கரும்புச் சர்க்கரையிலிருந்து வந்திருக்கலாம். காரம் அதே அளவு. அந்தக் காரத்தைப் போர்த்திப் பிடிக்கும் வெந்த அகாவே மணமும் எண்ணெய்ப் பசையான அடர்த்தியும் ஏறக்குறைய பாதி. நாக்கில் ஆல்கஹால் நேரடியாக ஏறுகிறது. அதைத்தான் கரடுமுரடு என்கிறோம். விலை குறைந்த சரக்கில் அவசர நொதிப்பும், காய்ச்சும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்வதும் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இனி, மரப் பீப்பாயில் இருந்த காலம். ‘பிளாங்கோ’ வெள்ளை, காய்ச்சியவுடன் அடைப்பது, அல்லது இரண்டு மாதத்துக்கு உள்ளாக. ‘ரெபோசாடோ’ என்றால் இளைப்பாறியது. ஓக் மரத்தில் குறைந்தது இரண்டு மாதம். ‘அன்யேஹோ’ லத்தீனில் ‘ஓராண்டு வயதான’ என்ற சொல்லின் வழி வந்தது. சட்டமும் ஓராண்டைத்தான் கேட்கிறது, அதுவும் 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில். மூன்றாண்டு கடந்த ‘எக்ஸ்ட்ரா அன்யேஹோ’ 2006-இல் சேர்ந்த வகை. தமிழில் கடைசி மூன்றையும் முறையே ‘குறுமுதிர்வு’, ‘ஆண்டுமுதிர்வு’, ‘நெடுமுதிர்வு’ எனலாம். ‘ஊறிய’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். நம் ஊரில் ஊறல் என்றால் காய்ச்சுவதற்கு முந்தைய நொதிக் கரைசல். இது காய்ச்சிய பிறகு நடப்பது.

காலத்தையும் அகாவே அளவையும் குழப்பிக்கொள்வதால்தான் ஏமாற்றம் வருகிறது. அலமாரியில் இரண்டு ரெபோசாடோ நிற்கின்றன என்று வையுங்கள், இரண்டும் ஒரே பொன்னிறம். ஒன்றில் ‘100% டி அகாவே’ இருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டும் மரத்தில் இரண்டு மாதம் இருந்திருக்கலாம். மரம் வனிலா மணமும் கொஞ்சம் மென்மையும் தரும். ஆனால் தொட்டியிலேயே இல்லாமல் போன அகாவேயை அதால் தர முடியாது. நிறத்தையும் நம்ப முடியாது, கேரமல் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. ‘ஓரோ’ அல்லது ‘கோல்டு’ என்று வரும் புட்டிகளில் பெரும்பாலானவை மிக்ஸ்தோ. அவற்றின் பொன்னிறம் பல நேரம் பீப்பாய் தந்ததல்ல.

‘அகாவேயில் செய்தது’ போன்ற வரியும் போதாது. 51 சதவீதம் உள்ள புட்டிக்கும் அது பொருந்தும். ‘100%’ என்ற எண் கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொரு துப்பும் உண்டு: முழு அகாவே வகையை அந்தப் புவிசார் எல்லைக்குள்ளேயே புட்டியில் அடைக்க வேண்டும். மிக்ஸ்தோவை மொத்தமாக ஏற்றுமதி செய்து வெளிநாட்டிலும் அடைக்கலாம். வேறு நாட்டில் அடைத்தது என்று லேபிள் சொன்னால் சந்தேகமே வேண்டாம், அது மிக்ஸ்தோ.

100% என்று இருந்தால் மென்மை உறுதி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. முதிராத அகாவேயை வெட்டி, அவசரமாகச் சாறு பிழிந்து காய்ச்சினால் அதுவும் கசந்து எரிக்கும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் இரண்டு வகையிலும் பிளாங்கோவையே எடுங்கள். உப்பு, எலுமிச்சை, ஐஸ் எதுவும் வேண்டாம். அறை வெப்பத்தில் சிறிதளவு ஊற்றி, குடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். முழு அகாவேயில் வெந்த கிழங்கு மணமும் மிளகின் சாயலும் முன்னால் வரும். மிக்ஸ்தோவில் பெரும்பாலும் ஸ்பிரிட் நெடிதான் முதலில் மூக்கைத் தொடும்.