மார்க்கெட் பெனட்ரேஷன்: ‘ஊடுருவல்’ பொருந்துமா?

ஒரு வியாபாரம் எந்தெந்த வழிகளில் வளரலாம் என்று காட்டும் பிராடக்ட்-மார்க்கெட் மேட்ரிக்ஸ், மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப் 1957-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. பொருள் பழையதா புதியதா, சந்தை பழையதா புதியதா என்று கேட்டால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். ‘மேட்ரிக்ஸ்’ லத்தீனில் கருப்பையைக் குறித்த சொல். தாயைக் குறிக்கும் ‘மாதெர்’ அதன் வேர். கணிதத்தில் அதைத் தமிழ்நாட்டில் அணி என்றும் இலங்கையில் தாயம் என்றும் படிக்கிறோம். இங்கே கணக்கு ஏதும் இல்லை, நான்கு பெட்டிகள்தான். அதனால் ‘வளர்ச்சிக் கட்டம்’ போதும் என்பது என் கருத்து.

எனக்கு உறுத்துவது, அதில் ஒரு கட்டமான மார்க்கெட் பெனட்ரேஷனைச் ‘சந்தை ஊடுருவல்’ என்பது. ஊடுருவல் என்றால் புது இடத்துக்குள் நுழைவது. ஆன்சாஃப் சொன்னது அதற்கு நேர்மாறு: இப்போதுள்ள பொருளை இப்போதுள்ள சந்தையிலேயே கூடுதலாக விற்பது. ‘சந்தை ஆழப்படுத்தல்’ என்றால் குழப்பம் வராது. அதே பொருளைப் பக்கத்து ஊருக்கும் கொண்டுபோய் விற்பது இதில் சேராது. அது சந்தை விரிவாக்கம், தனிக் கட்டம்.

ஒரு நோட்டுப் புத்தக மொத்த வியாபாரியை வைத்துப் பார்ப்போம். 120 கடைகள், கடைக்கு மாதம் 10,000 ரூபாய்க்குச் சரக்கு, 30 நாள் கடன், 8 சதவீத லாபம். கடனை 45 நாளாக்கியதால் கடைக்கு 12,000 ரூபாய் விற்கிறது என்று வைப்போம். விற்பனை 2,40,000 கூடும். லாபம் 19,200 கூடும். ஆனால் நிலுவை 12 லட்சத்திலிருந்து 21.6 லட்சமாகிவிடும். கூடுதல் 9.6 லட்சத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி என்றால் 9,600 ரூபாய். கூடுதல் லாபத்தில் பாதி அதிலேயே போய்விடுகிறது. ஆழப்படுத்தலில் அடிபடும் இடம் இதுதான். விற்பனைக் கணக்கில் இது தெரியாது, நிலுவைப் பட்டியலில்தான் தெரியும்.

அதே கடைகளுக்கு கிரேயான், ஓவியத்தாள் கொடுப்பது ‘புதுப்பொருள் வளர்ச்சி’. வண்டியும் வசூல் ஆளும் அதே. யார் நேரத்துக்குப் பணம் தருவார் என்பதும் தெரியும். சிக்கல் சரக்கில் வரும். பள்ளி திறக்கும் சீசன் முடிந்தும் குடோனில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ணினால் போதும். சந்தேகம் இருந்தால் முதலில் 20 கடைகளில் வைத்து, மறு ஆர்டர் வருகிறதா என்று பார்க்கலாம்.

பலர் இதையே ‘டைவர்சிஃபிகேஷன்’ என்கிறார்கள். ஆன்சாஃப் கணக்கில் பொருளும் சந்தையும் இரண்டுமே மாறினால்தான் அது ‘பல்வகையாக்கம்’. அதே வியாபாரி விடுதிகளுக்குத் துப்புரவுப் பொருள் விற்கத் தொடங்கினால் அந்தக் கட்டத்தில் வரும். அங்கே சப்ளையர் புதிது, கொள்முதல் செய்பவர் புதிது, அவர் எத்தனை நாளில் பணம் தருவார் என்பதும் தெரியாது. நான் அந்த இடத்தில் இருந்தால், முதலில் கடனை 30 நாளிலேயே நிறுத்தி கிரேயானைச் சோதித்துப் பார்ப்பேன். விடுதிகளை அப்புறம் யோசிப்பேன்.