தொண்டையில் எலும்பு இல்லை

"தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு டாக்டர், வாயை மூடவே மாட்டேங்குது." இந்த வருடம் இதே வார்த்தைகளோடு என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் அது. மூன்றரை மாத நாய்க்குட்டி, தெருவில் எடுத்தது. கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் நூலாய் வடிகிறது, குரல் கம்மிப்போயிருக்கிறது. எலும்பைத் தேடி அப்பா வாய்க்குள் கைவிட்டிருக்கிறார். விரலில் பல் கீறிய கோடு இருந்தது.

எலும்பு எதுவும் இல்லை. தாடைத் தசைகள் செயலிழந்திருந்தன. ரேபிஸ்.

"வெறி பிடித்த நாய் ஓடி ஓடிக் கடிக்குமே, இது மூலையில் படுத்தே கிடந்ததே, தண்ணீர்கூடக் குடிக்கப் போனதே" என்றார்கள். எத்தனை தடவைதான் சொல்வது! தண்ணீரைக் கண்டு பயப்படுவது மனிதனுக்கு வரும் அறிகுறி. நாய் தண்ணீர்க் கிண்ணத்தில் வாயை வைக்கும், ஆனால் விழுங்க முடியாது. ஓடிக் கடிக்கும் வகையும் உண்டு, இப்படி வாயைத் திறந்துகொண்டு சோர்ந்து கிடக்கும் வகையும் உண்டு. இரண்டின் எச்சிலிலும் ஒரே வைரஸ். எனக்கு அதிகப் பயம் இரண்டாவதிடம்தான், ஏனென்றால் அதை மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள்.

குட்டி இரண்டாம் நாள் செத்தது. மூளையிலிருந்து எடுத்த மாதிரியில் நோய் ஆய்வகத்தில் உறுதியானது. அதற்காக யாரையும் காத்திருக்க விடவில்லை. அன்றே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் விரலைக் கழுவவைத்து, அரசு மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். அப்பாவுக்குக் கீறலைச் சுற்றி, வைரஸை உடனே தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி, அப்புறம் 0, 3, 7, 28ஆம் நாட்களில் தடுப்பூசி. கால்நடை மருத்துவர் மனிதர்களின் மருத்துவரிடம் அன்றே பேச வேண்டும் என்பதைத்தான் 'ஒரே ஆரோக்கியம்' என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள்.

"தெருநாய்களைக் கொன்றுவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997இல் நோய் நுழைந்ததும் லட்சக்கணக்கில் கொன்றார்கள். நோய் போகவில்லை. கொன்ற இடத்துக்கு வெளியிலிருந்து நாய்கள் வரும், ஊசி போட்டவையும் சேர்ந்தே சாகும். கோவாவில் ஆண்டுதோறும் வலைபோட்டுப் பிடித்து ஊசி போட்டுத் திரும்ப அதே இடத்தில் விட்டார்கள். 2018இல் அங்கே ரேபிஸால் ஒருவரும் சாகவில்லை.

பத்தில் ஏழு நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் தொற்றுச் சங்கிலி அறுந்துபோகும். சிக்கல் என்னவென்றால், தெருநாய்களின் ஆயுள் குறைவு, குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். இந்த வருடத்து எழுபது சதவீதம் அடுத்த வருடம் தானாகக் கரைந்துவிடும். வருடா வருடம் போட்டே ஆக வேண்டும். உங்கள் வீட்டு நாய்க்கும்தான், ஐயா. மூன்று மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு ஆண்டுக்கொன்று. "வெளியே விடுவதே இல்லை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அந்தத் தெருவில் ஒரு மாலை வலையோடு இறங்கினோம். ஊசி போட்ட ஒவ்வொன்றின் நெற்றியிலும் சாயம் தடவினோம். மறுநாள் விடியற்காலை நடந்தே எண்ணினோம்: கண்ணில் பட்ட 31 நாய்களில் சாயம் இருந்தது 19. குறைந்தது இருபத்திரண்டு வேண்டும். அன்று மாலை மறுபடியும் வலையை எடுத்தோம்.