‘2பி-ஐப் பார்த்துடும்மா’ என்பது வேலை ஒப்படைப்பு அல்ல

ஜிஎஸ்டி பார்க்கும் ஆபீஸ்களில் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதி வரை ஒரே வேலைதான். 14-ஆம் தேதி போர்ட்டலில் 2பி வந்துவிடும். நம் கிளையண்டுக்குச் சரக்கு விற்றவர்கள் எந்தெந்த பில்லைக் கணக்கில் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அது. அதை கிளையண்டின் டேலியில் இருக்கும் கொள்முதல் புத்தகத்தோடு பில் பில்லாக ஒப்பிட்டு, கொள்முதலில் கட்டிய வரியில் எவ்வளவைக் கழித்துக்கொள்ளலாம், அதாவது எவ்வளவு இன்புட் கிரெடிட் எடுக்கலாம் என்று முடிவு செய்து, 20-ஆம் தேதிக்குள் மாதாந்திர வரிக் கணக்கான 3பி-ஐத் தாக்கல் செய்ய வேண்டும். 2பி-யில் வராத பில்லுக்கு கிரெடிட் எடுக்க முடியாது.

இந்த ஒப்பிடும் வேலைதான் எல்லா ஆபீஸிலும் சி.ஏ. பயிற்சிக்கு வரும் ஆர்ட்டிகிள் பிள்ளைகளிடம் முதலில் போவது. அதை நான் பல வருடம் தவறாகவே ஒப்படைத்து வந்தேன்.

ஒரு மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்து நான்கு மாதம் ஆன ஒரு பெண்ணிடம், பம்ப் உதிரிபாகம் செய்யும் கிளையண்டின் ஃபைலைக் கொடுத்து, “இந்த மாசம் 2பி-ஐ நீ பார்த்துடும்மா, 20-க்குள்ள முடியணும்” என்றேன். நடுவில் இரண்டு முறை கேட்டபோது, “போயிட்டிருக்குங்க சார்” என்றாள். 20-ஆம் தேதி மதியம் ஃபைல் என் கைக்கு வந்தது. மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாக்கல் செய்தேன். அடுத்த மாதம்தான் தெரிந்தது, வராத பில்லுக்கு 27,000 ரூபாய் கிரெடிட் எடுத்திருக்கிறோம் என்று. அதைத் திருப்பிக் கட்டி, ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் ஒரு மாத வட்டியும் கட்ட வேண்டியதாயிற்று. வட்டி 405 ரூபாய்தான். ஆனால் கிளையண்டின் முதலாளிக்கு அதை விளக்கிச் சொன்ன அந்தப் பத்து நிமிடம் எனக்கு மறக்கவில்லை.

அவள் செய்தது இதுதான். எக்ஸெலில் பில் நம்பரை மட்டும் வைத்துத் தேடியிருக்கிறாள். இரண்டு சப்ளையர்களிடம் 112 என்ற நம்பரில் பில் இருந்தது. ஒருவர் ரிட்டர்ன் போட்டிருக்கிறார், இன்னொருவர் போடவில்லை. நம்பர் கிடைத்துவிட்டதால் இரண்டுமே ‘சரி’ என்று விழுந்துவிட்டன. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. எது வந்தால் வேலை முடிந்தது என்றும் சொல்லவில்லை. 20-ஆம் தேதி என்பது அரசாங்கத்தின் கெடு. அவளுக்கென்று நான் கெடு எதுவும் வைக்கவில்லை.

அடுத்து ஆகஸ்ட் மாதக் கணக்கு. அதே கிளையண்ட், அதே பெண். இந்த முறை 14-ஆம் தேதி மாலை அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன்.

முதலில், வேலை முடியும்போது என் மேஜைக்கு என்ன வர வேண்டும் என்பதை ஒரு வெற்று ஷீட்டாகவே போட்டுக் காட்டினேன். இரண்டிலும் இருப்பவை, நம் புத்தகத்தில் மட்டும் இருப்பவை, 2பி-யில் மட்டும் இருப்பவை என்று மூன்று பகுதி. பின்னிரண்டு பகுதிகளில் ஒவ்வொரு பில்லுக்கும் நேராக ‘ஏன்’ என்று ஒரு கட்டமும், ‘அடுத்து என்ன’ என்று ஒரு கட்டமும். கடைசி வரியில், இந்த மாதம் எடுக்க வேண்டிய கிரெடிட் என்று ஒரே ஒரு தொகை. “இந்த ரெண்டு கட்டத்துல ஒண்ணு காலியா இருந்தாலும் வேலை முடியலைன்னு அர்த்தம்” என்றேன். பட்டியல் போடுவது வேறு, காரணம் கண்டுபிடிப்பது வேறு. முன்பெல்லாம் எனக்குப் பட்டியல்தான் வரும். காரணத்தை 19-ஆம் தேதி ராத்திரி நான் தேடிக்கொண்டிருப்பேன்.

அப்புறம் கெடு. 18-ஆம் தேதி மாலை 4 மணி என்றேன். ஏன் 18 என்பதையும் சொன்னேன். நான் ஒருமுறை பார்க்க அரை நாள் வேண்டும். எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரிந்த பிறகு கிளையண்ட் பணம் புரட்ட ஒரு நாள் வேண்டும். 20-ஆம் தேதி எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் போர்ட்டல் தடுமாறும். காரணம் சொல்லாமல் இரண்டு நாள் முன்னதாகக் கெடு வைத்தால், சார் சும்மா முன்கூட்டிச் சொல்கிறார் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அந்தத் தேதிக்கு மதிப்பே இருக்காது.

அவள் எதுவரை தானே முடிவு செய்யலாம் என்பதையும் பேசிவிட்டோம். ஒரு பில்லில் ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் வந்தால் என்னைக் கேட்க வேண்டாம், முழு எண்ணாக்கியதில் வந்தது அது. கிளையண்டின் அக்கவுண்டண்டுக்கு நேராக போன் செய்யலாம். ஆனால் சப்ளையருக்கு நம் ஆபீஸிலிருந்து போன் போகக் கூடாது, அது கிளையண்டின் உறவு. போர்ட்டலில் பில்களை ஏற்கவோ நிராகரிக்கவோ இப்போது வசதி இருக்கிறது. அதில் நிராகரிக்கும் பொத்தானை என்னைக் கேட்காமல் தொடக் கூடாது. அங்கே ஒரு பில்லை நிராகரித்தால் அது சப்ளையரின் கணக்கில் போய் நிற்கும்.

எல்லாம் சொல்லிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று நான் கேட்கவில்லை. அதற்கு “புரிஞ்சுதுங்க சார்” என்ற ஒரே பதில்தான் வரும். “நாளைக்குக் காலையில வந்ததும் முதல்ல என்ன பண்ணுவே?” என்று கேட்டேன். “பில் நம்பரை வெச்சு…” என்று ஆரம்பித்தாள். அங்கேயே நிறுத்தி, போன மாதம் நடந்த 112-ஐ இரண்டு ஷீட்டிலும் திறந்து காட்டினேன். சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் சேர்த்து ஒரே சாவியாக்க வேண்டும் என்று அவளே சொன்னாள்.

```
=A2&"|"&B2
```

ஏ-யில் ஜிஎஸ்டி எண், பி-யில் பில் நம்பர். இரண்டு ஷீட்டிலும் இந்தச் சாவியைப் போட்டு, அதை வைத்துத் தேட வேண்டும். இதிலும் ஒரு தொல்லை உண்டு. சப்ளையர் ‘0112/25’ என்று போட்டிருப்பார், நம் அக்கவுண்டண்ட் ‘112’ என்று அடித்திருப்பார், சாவி பொருந்தாது. மிஞ்சியதை ஜிஎஸ்டி எண்ணும் வரித் தொகையும் வைத்து இரண்டாவது சுற்று பார்க்க வேண்டும்.

இனி இடையில் பார்க்கும் இடங்கள். இரண்டே இரண்டு வைத்தேன்.

முதலாவது 15-ஆம் தேதி காலை 11:30. முதல் 20 பில்லை மட்டும் முடித்துவிட்டுக் கொண்டுவர வேண்டும். 412 பில் இருந்த கணக்கு அது. செய்முறையில் பிழை இருந்தால் 20 பில்லிலேயே தெரிந்துவிடும், அழித்துவிட்டு ஆரம்பிக்க ஒரு மணி நேரம் போதும். 412-ம் முடிந்த பிறகு தெரிந்தால் இரண்டு நாள் போகும். அதைவிட மோசம், அழிக்க மனசு வராமல் அவளும் நானும் ஒட்டுப்போட ஆரம்பித்துவிடுவோம். அன்று அவள் கொண்டுவந்த 20-இல் சாவி சரியாக இருந்தது. ஆனால் பில் தொகையைக் குறைத்து சப்ளையர் தரும் கிரெடிட் நோட்டு ஒன்றை பில்லாகவே கூட்டியிருந்தாள். மவுஸை நான் வாங்கவில்லை. “இந்த வரியில தொகை கூடணுமா, குறையணுமா?” என்று மட்டும் கேட்டேன். அவளே திருத்தினாள்.

இரண்டாவது 17-ஆம் தேதி மதியம். அதற்குள் பொருத்தும் வேலை முடிந்து, பொருந்தாதவை மட்டும் என் முன் வர வேண்டும். “எப்படிப் போகுது?” என்ற கேள்விக்கே இடமில்லை, ஷீட்டைத் திறந்துதான் பேச்சு. புத்தகத்தில் 412 பில், வரி 11,84,600 ரூபாய். பொருந்தியவை 371 பில், 10,71,200 ரூபாய். புத்தகத்தில் மட்டும் இருந்தவை 41 பில், 1,13,400 ரூபாய். 2பி-யில் மட்டும் இருந்தவை 9 பில், 18,300 ரூபாய்.

‘ஏன்’ கட்டத்தில் 34 பில்லுக்கு ‘சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை’ என்று எழுதியிருந்தாள். அது பாதிதான் சரி. அதில் 22 பில், 46,200 ரூபாய், காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சிறிய சப்ளையர்களுடையது. காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றிவிட அவர்களுக்கு வசதி உண்டு, கட்டாயம் இல்லை. ஏற்றாவிட்டால் அந்த பில்கள் அக்டோபர் 14-ஆம் தேதி வரும் 2பி-யில் தானாக வரும். அவர்களிடம் சண்டை போட ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். மீதி 12 பில், 51,900 ரூபாய்தான் உண்மையில் போடாதவர்கள். அவர்களை கிளையண்டின் அக்கவுண்டண்ட் துரத்த வேண்டும். ‘ஏன்’ மாறினால் ‘அடுத்து என்ன’ முழுக்க மாறிவிடுகிறது என்று அன்று அவளுக்கு விளங்கியது.

மிஞ்சிய 7 பில்லை அவளே கண்டுபிடித்திருந்தாள், எனக்கு அதில் பெரிய சந்தோஷம். அக்கவுண்டண்ட் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாக அடித்ததால், அதே பில்கள் 2பி-யில் மட்டும் இருந்த 9-க்குள் கிடந்தன. 15,300 ரூபாய். திருத்தியதும் பொருந்தியவை 10,86,500 ஆயின. 9-இல் மீதி இரண்டு, 3,000 ரூபாய், கிளையண்ட் வாங்கவே வாங்காத சரக்கு. யாரோ எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதைத் தொடவில்லை.

18-ஆம் தேதி 3:40-க்கு ஷீட் வந்தது. காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை. நான் பத்து பில்லை அங்கங்கே எடுத்து பில் நகலோடு பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. தாக்கல் செய்வது நான், பிழை வந்தால் பதில் சொல்வதும் நான். அதனால் இந்த ஒரு மணி நேரத்தை நான் விடுவதில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கிளையண்டுக்கு 20 பில் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், 17-ஆம் தேதி சந்திப்பு மட்டும் போதுமானதாக இருந்தது. அவளிடம் அதைச் சொல்லியே நிறுத்தினேன். பிறகு ஒரு மருந்து மொத்த வியாபாரியின் கணக்கை அவளிடம் கொடுத்தபோது, சரக்கு திரும்பிப் போவது அதிகம், கிரெடிட் நோட்டுகள் குவியும் என்பதால் முதல் 20-ஐ மறுபடி வைத்தேன். “எம்மேல நம்பிக்கை இல்லீங்களா சார்?” என்று கேட்டாள். “ஒம்மேல இருக்கும்மா, இந்தக் கணக்கு நமக்கு ரெண்டு பேருக்குமே புதுசு” என்றேன். மறுநாள் காலை 11:30-க்கு அவள் கொண்டுவந்தது முப்பது வரி; கிரெடிட் நோட்டு இருக்கும் பத்தைத் தனியாகத் தேடி எடுத்துச் சேர்த்திருந்தாள்.