"தண்டுகளின் விட்டம் அளந்தேன்" என்பதற்கு அப்பால்

இயந்திரப் பொறியியல் மாணவர்களின் இன்டர்ன்ஷிப் அறிக்கைகளைத் தொழிற்சாலை வழிகாட்டியாகப் படித்துக் கையெழுத்திடுவது என் வேலைகளில் ஒன்று. பலவற்றில் பாதிப் பக்கங்கள் நிறுவன வரலாறு, மீதி தேதிவாரியான நாட்குறிப்பு. பாடத்தில் படித்தது எங்கே பயன்பட்டது என்று தேடினால் கிடைக்காது.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த ஒரு மாணவி, ஒரு வார வேலையை ஒரே வரியில் முடித்திருந்தார்: "மைக்ரோமீட்டரால் தண்டுகளின் விட்டம் அளந்தேன்." அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். விஷயம் முழுக்க அதில்தான் இருந்தது.

தண்டின் விட்டம் 25.00 மி.மீ., ஏற்கத்தக்க விலகல் ±0.05. மணிக்கு 5 தண்டுகளை அளந்து சராசரி எடுத்திருக்கிறார். காலையில் 25.00 ஆக இருந்த சராசரி மணிக்கு மணி ஏறி, மதியம் 25.03 ஆகியிருக்கிறது. ஒரு தண்டுகூடக் கழிக்கப்படவில்லை. ஆனாலும் ஆபரேட்டர் சி.என்.சி. லேத்தை நிறுத்தி, உளியின் நிலையைச் சரிசெய்யும் ஆஃப்செட்டைத் திருத்தினார். "எல்லாம் சரியாகத்தானே இருக்கு, ஏன் நிறுத்தினாங்க?" என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தார் மாணவி.

அந்தக் கேள்வியிலிருந்தே அத்தியாயத்தை எழுதச் சொன்னேன். முதலில் செய்த வேலை, அடுத்து அளவுகளின் வரைபடம், அதன்பின் பாடம். வெட்டுளியின் முனை தேயத் தேய விட்டம் கூடும். விலகல் வரம்பு, தண்டு ஏற்கத்தக்கதா என்று மட்டுமே சொல்லும்; அளவு மெல்ல விலகிக்கொண்டிருப்பதை, சராசரிகளை வரிசையாகக் குறித்துக் கட்டுப்பாட்டு வரம்புகளோடு ஒப்பிடும் கட்டுப்பாட்டு வரைபடம்தான் முன்கூட்டியே காட்டும். வகுப்பில் விலகல் வரம்பு, கட்டுப்பாட்டு வரம்பு இரண்டையும் ஒன்றென நினைத்திருந்ததாக அவரே எழுதினார். கற்றதற்கு அதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

பாடம் பொருந்தாத இடத்தையும் எழுதச் சொன்னேன். மாணவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறைப்பார்கள். வழக்கமான வரைபடம், சராசரி ஓரிடத்தில் நிலையாக நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறது. உளித் தேய்மானமோ இயல்பாகவே ஏறுமுகம். அதனால் சூத்திரத்தை அப்படியே போட்டால் தேவையில்லாத எச்சரிக்கைகள் வரும். மேலும், ஒரு நாள் அளவுகளை வைத்துக் கட்டுப்பாட்டு வரம்பு கணக்கிட முடியாது. ஐந்தைந்து தண்டுகளாக அளந்த தொகுதிகள் குறைந்தது 20 ஆவது வேண்டும். இதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார்.

இப்படி எழுத, குறிப்பேட்டில் அன்றன்றே நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: செய்த வேலை, கண்ட அளவு, எழுந்த சந்தேகம், அது எந்தப் பாடத்தைச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தால் வேலை நினைவிருக்கும், சந்தேகம் மறந்துபோயிருக்கும். அறிக்கையின் அத்தியாயங்களைத் தேதிப்படி இல்லாமல் வேலைப்படி பிரியுங்கள். இரண்டு மூன்று வேலைகள் போதும். நாட்குறிப்பு பின்னிணைப்புக்குப் போகட்டும். நிறுவன அறிமுகம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

வரைபடத்தையும் அளவுகளையும் சேர்ப்பதற்கு முன் நிறுவனத்தின் அனுமதியைக் கேளுங்கள். அந்த மாணவியிடம் பாகத்தின் பெயரை நீக்கச் சொன்னார்கள். அளவுகளை அப்படியே விட்டுவிட்டார்கள்.