நான்கு பக்க பயோடேட்டாவும் ஐம்பது சொல் அறிமுகமும்

போன வாரமும் அதேதான். விழா தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது செயலாளர் என் கையில் பேச்சாளரின் அறிமுகத் தாளைத் திணித்தார். "ஐம்பது வார்த்தைதான் கேட்டீங்க, சரியா ஐம்பதுக்கு வெட்டியாச்சு சார்." பார்த்தால் அதில் ஒரு வினைச்சொல்கூட இல்லை. பட்டம், பட்டம், பல்கலைக்கழகம், பதவி, குழு உறுப்பினர், விருது, விருது. மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் படித்தேன். "தற்போது பேராசிரியராக" என்று நான் சொன்னதும், முன்வரிசையிலிருந்த பேச்சாளர் கையை உயர்த்தினார்: "ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆச்சு தம்பி." அரங்கம் சிரித்தது. செயலாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது வருடமாக மேடைத் தொகுப்பு செய்கிறேன். பயோடேட்டா நீளமாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது வேலைக்கும் விருதுக்கும் விண்ணப்பிக்க எழுதியது, நீளமாகத்தான் இருக்கும். "எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சுருக்கினால் அறிமுகம் வந்துவிடும்" என்ற நினைப்புதான் என்னைப் படுத்துகிறது. வராதுங்க. நான்கு பக்கத்தை அப்படிப் பிழிந்தால் கிடைப்பது சக்கை. எதையாவது விட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயந்து இருபது விஷயத்தையும் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டரைச் சொல் கிடைக்கிறது. கேட்பவர் காதில் ஒன்றும் நிற்பதில்லை. அந்தப் பெரியவருக்கு அதில் என்ன மரியாதை?

பேச்சாளர் யார் என்பதைவிட, இன்றைய தலைப்பைப் பேச இவருக்கு என்ன தகுதி என்பதுதான் அவையோர் மனதில் இருக்கும் கேள்வி. தலைப்பு மாறினால் அறிமுகமும் மாற வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை வைத்துக் காட்டுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உங்கள் மேடைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மருத்துவர். சென்னை சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர், பிறகு துணைத் தலைவர். தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பத்மபூஷண். எதை விடுவீர்கள்? தலைப்பு புற்றுநோய் என்றால் நான் இப்படி எழுதுவேன்:

"தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் இவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற மருத்துவர். அந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்து, 1954இல் அடையாறில் அதைத் தொடங்கினார். நோயை முதலிலேயே கண்டுபிடித்தால் என்ன செய்யலாம் என்பதை இன்று நமக்குச் சொல்ல வந்திருக்கிறார், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி."

எண்ணிப் பாருங்கள், 38 சொல். மீதி பன்னிரண்டையும் செலவழித்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. மேலவையும் பத்மபூஷணும் இதில் இல்லை. யாருக்காவது குறையாகத் தெரிகிறதா? அதே அம்மையார் தேவதாசி ஒழிப்பைப் பற்றிப் பேச வந்தால் மேலவைதான் முதல் வரி. அப்போது மருத்துவமனை வெளியே போய்விடும்.

பெயரை ஏன் கடைசியில் வைத்தேன் என்று கேட்பீர்கள். கைதட்டல் பெயரில்தான் எழும். முதலிலேயே சொல்லிவிட்டால் தட்டி முடித்துவிடுவார்கள், பேச்சாளர் எழுந்து வரும்போது அரங்கம் அமைதியாக இருக்கும். அழைப்பிதழில் பெயர் இருக்கிறது, யாரும் தவிக்க மாட்டார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'செய்துகொண்டிருந்தவர்களில்' என்று ஒட்டி எழுதிவிட்டு அதை ஒரு சொல்லாகக் கணக்குக் காட்டாதீர்கள். காகிதம் ஏமாறும், என் மூச்சு ஏமாறாது. வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அரை நிமிடம், கொஞ்சம் கூடினால் நாற்பது நொடி. அதைத் தாண்டினால் வெட்டுங்கள். முதலில் "அறிமுகம் தேவையில்லாதவர்" என்ற வரியை வெட்டுங்கள். தேவையில்லை என்றால் என்னை எதற்கு மேடையேற்றினீர்கள்?

பழைய விழாவின் தாளைத் தூசி தட்டிக் கொடுக்காதீர்கள். பதவி மாறியிருக்கும், ஓய்வு பெற்றிருப்பார். பெயரின் முன்னெழுத்தைக்கூடச் சரிபாருங்கள்.

தயவுசெய்து, முதல் நாளே பேச்சாளருக்குப் போன் போட்டு, "ஐயா, இதைத்தான் படிக்கப்போறோம்" என்று வாசித்துக் காட்டுங்கள். சேர்க்கச் சொல்வார்கள் என்று பயப்படுகிறீர்கள். நானும் பயந்திருக்கிறேன். சென்ற மாதம் ஓர் அம்மாவுக்கு வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த விருதை எடுத்துடுங்க, அதுக்கும் நான் பேசப்போறதுக்கும் சம்பந்தமில்லை" என்றார்.