அம்புக்குறியை நம்பினால் நைட்ரஜனில் தவறும்: அயனியாக்கும் ஆற்றலுக்கு ஒரு வண்ண அட்டவணை

ஆவர்த்தனப் பண்புகள் பற்றிய வகுப்பு முடியும்போது கரும்பலகையில் பெரும்பாலும் இரண்டு அம்புக்குறிகள்தான் மிச்சமிருக்கும். இடமிருந்து வலமாகப் போனால் அயனியாக்கும் ஆற்றல் கூடும், மேலிருந்து கீழே வந்தால் குறையும். மாணவர்கள் அதை அப்படியே நோட்டில் வரைந்துகொள்கிறார்கள். தேர்விலோ போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்ற நான்கையும் ஏறுவரிசையில் எழுதச் சொல்கிறார்கள். அம்புக்குறியைப் பின்பற்றியவர் ஆக்சிஜனைக் கடைசியில் வைப்பார், மதிப்பெண் போய்விடும். கடைசியில் வரவேண்டியது நைட்ரஜன்.

ஆசிரியர் இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். படத்தில் அதற்கு இடமில்லாததால்தான் அது நினைவில் தங்கவில்லை. அதனால் குறிப்பை வண்ண அட்டவணையாக மாற்றும்போது முதலில் பார்க்கவேண்டியது, விதிவிலக்குகள் கண்ணில் படுகின்றனவா என்பதைத்தான். அழகாக வண்ணம் தீட்டிய அட்டவணையிலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே நிறத்தில் இருந்தால், அந்த இடத்தில் அதுவும் அம்புக்குறிப் படத்தைப் போலத்தான் நம்மைக் கைவிடும்.

வண்ணப் பென்சிலை எடுக்கும் முன் குறிப்பை ஒருமுறை வாசித்து, ஒவ்வொரு வாக்கியமும் எந்த வகை என்று ஓரத்தில் குறியுங்கள். 'கூடும்', 'குறையும்' என்பவை போக்கு. அணுக்கரு மின்சுமை, திரைமறைப்பு, பாதி நிரம்பிய ஆர்பிட்டால் என்று வருபவை காரணம். 'ஆனால்' என்று தொடங்குபவை விதிவிலக்கு. அட்டவணையில் போக்கை நிறம் காட்டும், விதிவிலக்கைத் தடித்த கோடு காட்டும், காரணம் அடிக்குறிப்பாக நிற்கும். மூன்றையும் நிறத்தின் தலையிலேயே கட்டினால் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

ஒரு தாளுக்கு ஒரு பண்பு போதும். அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம், எலக்ட்ரான் கவர்தன்மை ஆகிய நான்கையும் ஒரே தாளில் திணிப்பது வழக்கமாக நடக்கும் தவறு. முதல் தாளை முதல் அயனியாக்கும் ஆற்றலுக்கு ஒதுக்குங்கள்.

ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, 3 சென்டிமீட்டர் சதுரங்களாக எட்டு பத்தி, நான்கு வரிசை போடுங்கள். எட்டு பத்திகளும் 1, 2, 13 முதல் 18 வரையிலான தொகுதிகள். நான்காம் வரிசையில் 2-க்கும் 13-க்கும் நடுவே இரட்டைக்கோடு ஒன்று வேண்டும். இடைநிலைத் தனிமங்கள் பத்து அங்கே விடுபட்டிருக்கின்றன என்பதை அது நினைவூட்டும். கட்டங்கள் 24-க்கு 12 சென்டிமீட்டர் இடம் எடுக்கும், கீழே அடிக்குறிப்புக்குத் தாராளமாக இடம் மிஞ்சும்.

இனி எண்கள். இரண்டாம் வரிசையின் மதிப்புகள், ஒரு மோலுக்குக் கிலோஜூல் அலகில்: லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081. மூன்றாம் வரிசையில் சோடியம் 496, மெக்னீசியம் 738, அலுமினியம் 578, சிலிக்கன் 786, பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000, குளோரின் 1251, ஆர்கான் 1521. மற்றவற்றைப் பாடநூல் அட்டவணையிலிருந்து எடுங்கள். புத்தகத்துக்குப் புத்தகம் கடைசி இலக்கம் சற்று மாறும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே புத்தகத்திலிருந்து எடுப்பது நல்லது.

நிறத்துக்கான எல்லைகளை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான அட்டவணைகள் சறுக்குகின்றன. 600, 900, 1200, 1500 என்று சம இடைவெளியில் பிரிப்பதுதான் கைக்கு வரும் முதல் வழி. அப்படிப் பிரித்தால் பெரிலியமும் (899) போரானும் (801) ஒரே நிறத்தில் விழுகின்றன. நைட்ரஜனும் ஆக்சிஜனும்கூட ஒன்றாகிவிடுகின்றன. எதைக் காட்டுவதற்காக அட்டவணை போட்டோமோ அது மறைந்துபோகிறது. அதற்குப் பதிலாக எல்லைகளை 650, 850, 1100, 1350 என்று வையுங்கள். 650 என்ற கோடு மெக்னீசியத்தையும் அலுமினியத்தையும் பிரிக்கிறது. 850 பெரிலியத்தையும் போரானையும் பிரிக்கிறது. 1350 நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கிறது. இவை எந்த இயற்கை விதியிலும் இருக்கும் எண்கள் அல்ல, இந்த மூன்று இறக்கங்களும் தெரியவேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தவை. தாளின் மூலையில் எந்த நிறம் எந்த அளவு என்று எழுதிவைப்பது அதனால் கட்டாயம்.

ஐந்து படிகளுக்கு ஐந்து நிறங்கள்: வெளிர் மஞ்சள், அடர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அரக்கு. பச்சை, நீலம், ஊதா, சிவப்பு என்று வானவில்லைப் போல எடுக்கவேண்டாம். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் எது பெரியது என்று கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் மூலைக் குறிப்பைப் பார்க்கவேண்டிவரும். வெளிரிலிருந்து அடருக்குப் போகும் வரிசையோ பார்த்த உடனே புரியும். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத மாணவருக்கும் இது உதவும். சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்கத் தாளைக் கறுப்பு-வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். நகலிலும் ஐந்து படிகள் தனித்தனியாகத் தெரிந்தால் நிறத்தேர்வு சரி. ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகத் தெரிந்தால் சிவப்பை இன்னும் அழுத்தித் தீட்டுங்கள்.

ஸ்கெட்ச் பேனா வேண்டாம். மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறும், அரக்கு நிறத்தின் மேல் எழுதிய எண்ணும் படிக்க வராது. வண்ணப் பென்சிலால் கட்டத்தின் மேல்பாதியை மட்டும் தீட்டி, கீழ்ப்பாதியில் தனிமத்தின் குறியீட்டையும் மதிப்பையும் கறுப்புப் பேனாவால் எழுதினால் இரண்டும் தெளிவாக இருக்கும்.

தீட்டி முடித்ததும் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாகப் பாருங்கள். இரண்டாம் வரிசையில் வெளிர் மஞ்சள், ஆரஞ்சு, அடர் மஞ்சள், ஆரஞ்சு, அரக்கு, சிவப்பு, அரக்கு, அரக்கு என்று வரவேண்டும். ஏறுமுகமாகப் போகும் நிறம் இரண்டு இடங்களில் பின்வாங்குவது அப்பட்டமாகத் தெரியும்.

நிறத்தால் காட்ட முடியாத இடங்களும் உண்டு. பாஸ்பரஸுக்கும் கந்தகத்துக்கும் வித்தியாசம் வெறும் 12, இரண்டும் ஆரஞ்சுதான். ஆர்சனிக்கும் செலினியமும் அதைவிட நெருக்கம். தொகுதியில் கீழே இறங்கும்போது அலுமினியம் 578, காலியம் 579 என்று மதிப்பு குறையாமல் அப்படியே நிற்கிறது. இந்த மாதிரி இடங்களில் இரு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள கோட்டைக் கறுப்பில் தடிப்பாக்கி, பக்கத்தில் 1, 2, 3 என்று ஓர் எண்ணை இடுங்கள். நிறம் பின்வாங்கும் மூன்று இடங்களுக்கும் இதே தடித்த கோடு வேண்டும்.

அந்த மூன்று எண்களுக்கும் கீழே மூன்றே அடிக்குறிப்புகள். ஒன்று, 2-ஆம் தொகுதிக்கும் 13-க்கும் நடுவே: பெரிலியத்திலிருந்து நீங்குவது 2s எலக்ட்ரான், போரானிலிருந்து நீங்குவது 2p எலக்ட்ரான். 2p அணுக்கருவை நோக்கி ஊடுருவுவது குறைவு, 2s எலக்ட்ரான்கள் அதைத் திரையிட்டு மறைக்கவும் செய்கின்றன. அதனால் எளிதில் பிரிகிறது. இரண்டு, 15-க்கும் 16-க்கும் நடுவே: நைட்ரஜனின் மூன்று 2p எலக்ட்ரான்களும் தனித்தனி ஆர்பிட்டாலில் இருக்கின்றன. ஆக்சிஜனின் நான்காவது எலக்ட்ரான் ஒன்றுடன் இணைசேரவேண்டியிருக்கிறது, அந்த விலக்குவிசையால் அதை நீக்கக் குறைந்த ஆற்றல் போதும். மூன்று, அலுமினியத்துக்கும் காலியத்துக்கும் நடுவே: காலியத்தில் பத்து 3d எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவை நன்றாகத் திரைமறைப்பதில்லை. அணுக்கருவின் இழுப்பு வெளிக்கூட்டை எட்டுவதால், கூடு பெரிதானதால் வரவேண்டிய குறைவு ஈடாகிவிடுகிறது.

இப்போது முதலில் பார்த்த கேள்விக்கு வருவோம். போரான் அடர் மஞ்சள், கார்பன் ஆரஞ்சு, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் அரக்கு. நிறத்தின் படியே விடையாகிறது. சோடியம், மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் என்று கேட்டால் சோடியமும் அலுமினியமும் வெளிர் மஞ்சள், மெக்னீசியமும் சிலிக்கனும் அடர் மஞ்சள். நிறம் ஒன்றாக இருக்கும் இணைகளுக்குள் வரிசையின் பொதுப்போக்கைப் பின்பற்றலாம், ஏனென்றால் அவை அடுத்தடுத்த கட்டங்கள் அல்ல, நடுவில் தடித்த கோட்டைத் தாண்டி வந்தவை. விடை சோடியம், அலுமினியம், மெக்னீசியம், சிலிக்கன்.

இதே முறையில் அணு ஆரத்துக்குத் தாள் போடும்போது நிறத்தை நீலத்துக்கு மாற்றுங்கள், ஆனால் 'அடர்ந்தால் அதிகம்' என்ற விதியை மாற்றாதீர்கள். அப்போதுதான் ஒரு தாளில் வலது மேல்மூலையும் மற்றதில் இடது கீழ்மூலையும் இருண்டு, ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். அங்கே 18-ஆம் தொகுதியை நிறமின்றி விடவேண்டும். மந்த வாயுக்களுக்குத் தரப்படுவது பெரும்பாலும் வாண்டர்வால்ஸ் ஆரம், மற்றவற்றுக்கு சகப்பிணைப்பு அல்லது உலோக ஆரம். ஃபுளூரின் 64 பிகோமீட்டர், அதற்குப் பக்கத்தில் நியான் 154 என்று எழுதித் தீட்டினால் நியான் லித்தியத்தின் 152-க்கு இணையாக இருண்டு நிற்கும். அப்படி ஓர் அட்டவணையைப் பார்த்தால், இரண்டு வகை ஆரங்கள் கலந்துவிட்டன என்று பொருள். எலக்ட்ரான் நாட்டத்துக்கான தாளில் மிக அடர்ந்த கட்டம் குளோரினாக (349) இருக்கவேண்டும், ஃபுளூரின் (328) அதற்கு அடுத்துத்தான்.

நினைவுக்குக் கொண்டுவரும் பயிற்சிக்கு, தீட்டாத வெறும் கட்டங்களை ஐந்தாறு நகல் எடுத்து வையுங்கள். மறுநாள் ஒரு நகலில் எண்களைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் தீட்டி, தடித்த கோடுகளைப் போட்டுப் பாருங்கள். மூலத் தாளோடு ஒப்பிடும்போது நிறம் ஒரு படி பிசகியிருந்தால் பெரிய குறையில்லை. தடித்த கோடு விடுபட்டிருந்தால் அதற்குரிய அடிக்குறிப்பைப் பாராமல் எழுதிப் பார்க்கவேண்டும், காரணம் மறந்த இடத்தில்தான் கோடும் மறக்கும்.

இந்தத் தாள் முதல் அயனியாக்கும் ஆற்றலுக்கு மட்டுமே செல்லும். இரண்டாவதைக் கேட்டால் இரண்டாம் வரிசையின் தடித்த கோடுகள் ஒரு கட்டம் வலப்பக்கம் நகரும். ஒரு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் நைட்ரஜனைப் போன்ற அமைப்பைப் பெறுகிறது, அதனால் அதன் இரண்டாம் ஆற்றல் 3388, ஃபுளூரினுக்கு 3374. போரான் 2427, கார்பன் 2353. முதல் தாளில் மிக வெளிறிய கட்டமாக இருந்த லித்தியம் 7298 என்று வரிசையிலேயே மிக இருண்டதாகிவிடும், ஏனென்றால் அடுத்து நீங்கவேண்டியது ஹீலியத்தைப் போல நிரம்பிய உட்கூட்டின் எலக்ட்ரான்.